‘ஒண்ணுமில்ல சார், அலைச்சல்தான்!’

வேலூர் காந்தி ரோட்டில் நடந்து போனால் வங்காள எழுத்தில் போர்டுகள் கண்ணில் படும். மீன் சாப்பாடு, அறை வாடகை, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் போர்டு உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள் சுற்றியுள்ள லாட்ஜுகளில் நாள்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களிடம் பேசிப் பேசியே ரிசப்ஷன் பையன்களும் ரூம் பாய்களும் இந்தியும் வங்காளமும் பழகிவிட்டார்கள். வெந்நீர், வாடகை, ஆட்டோ விஷயங்களுக்கு அந்த மொழி தாராளமாகப் போதும். இரவு பதினோரு மணிக்கு ஒரு அறையில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய், பக்கத்து கிளினிக் டாக்டரை அழைத்து வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படி ஓர் இரவைக் கற்பனை செய்துகொள்வோம். எழுபது வயதுப் பெரியவர். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. டாக்டர் விரலில் குத்திப் பார்க்கிறார். சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வுதான். “ஷுகர் மாத்திரை போட்டாரா, என்ன சாப்பிட்டார்னு கேளுப்பா” என்கிறார் ரிசப்ஷன் பையனிடம்.

மகன் படபடவென்று சொல்கிறார்: “காலையில் ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிறு. முடிந்ததும் அப்பா மாத்திரை போட்டார். மதியம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் பொரி சாப்பிட்டதோடு சரி. காலையில் போட்டதை மறந்து, சாயங்காலம் அதே மாத்திரையை இன்னொரு தடவை போட்டுவிட்டார். அவருக்குக் கிட்னியும் சரியில்லை, அதற்குத்தான் வேலூர் வந்தோம்.”

பையன் டாக்டரிடம் திரும்பி, “மாத்திரை போட்டிருக்காராம் சார், சரியா சாப்பிடலயாம். ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் ரயில் அலைச்சல்தான்” என்கிறான்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இரண்டாவது மாத்திரையும் கிட்னிக் கோளாறும் காணாமல் போய்விட்டன. யாருமே சொல்லாத அலைச்சல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கிறார். கால் மணி நேரத்தில் சர்க்கரை 92-க்கு ஏறுகிறது. சாப்பிடாததால் வந்த மயக்கம் என்றால் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் பெரியவர் போட்டது கிளிமிபிரைடு போன்ற மாத்திரையாக இருந்தால், அதன் வேகம் ஒரு நாள் வரை நிற்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதற்கு மேலும் இழுக்கும். ஏறிய சர்க்கரை விடியற்காலையில், எல்லோரும் தூங்கும் நேரத்தில், மறுபடி இறங்கலாம். முழுக் கதையும் காதில் விழுந்திருந்தால் டாக்டர் அவரை அன்றிரவே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்.

கிளம்பும்போது டாக்டர், “நாளைக்குக் காலையில மட்டும் மாத்திரை வேண்டாம். சாப்பிட்டதுக்கு அப்புறம் சுகர் பார்த்துட்டு, எங்கிட்ட கேட்டுட்டுப் போடச் சொல்லு” என்கிறார். பையன் மகனின் தோளைத் தட்டி, “பயப்படாதீங்க தாதா, சரியாயிடுச்சு. சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார்” என்கிறான். ஒரு வேளைக்குச் சொன்னது ஒரேயடியாக நிறுத்துவதாக ஆகிவிட்டது. நான்கு நாள் கழித்து அதே பெரியவர் சர்க்கரை எகிறிப்போய்ப் படுத்தால், யாருக்கும் காரணம் தெரியாது.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்கு மொழி அவ்வளவு மோசமில்லை. கெடுத்தது அவனுடைய தொழில் பழக்கம். விருந்தாளியைப் பதற விடக்கூடாது, நீளமாகப் பேசிப் பெரிய மனிதர்களின் நேரத்தை வீணாக்கக்கூடாது, கேட்ட கேள்விக்கு ‘தெரியாது’ என்று சொல்லக்கூடாது என்றுதான் ஓட்டல் தொழில் சொல்லிக் கொடுக்கிறது. நல்ல ரிசப்ஷனிஸ்டுக்கு வேண்டிய இந்தக் குணங்கள் மூன்றும் மொழிபெயர்ப்பவருக்கு ஆகாதவை.

ஆஸ்பத்திரிகளிலேயே இப்படி நடப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளென் ஃபுளோரஸ் குழு 2003-ல் கணக்கெடுத்தது. ஸ்பானிஷ் பேசும் தாய்மார்கள் டாக்டரிடம் பேசிய 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து வரிவரியாகப் பார்த்தார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 தவறுகள். அவற்றில் பாதிக்குமேல் விட்டுப்போனவை. மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியே ஓரிடத்தில் விடுபட்டது. முகத்தில் மட்டும் தடவச் சொன்ன களிம்பை உடம்பெல்லாம் தடவும்படி சொல்லியிருக்கிறார்கள். காது வலிக்கு வாய்வழியாகக் கொடுக்க வேண்டிய அமாக்ஸிசிலினைக் காதிலேயே விடச் சொன்ன கூத்தும் உண்டு. அவசரத்துக்குப் பிடித்து வந்த ஆட்கள் செய்த தவறுகளில் 77 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களிடம் அது 53 சதவீதம். சம்பளம் வாங்குகிறவர்களுக்கே சறுக்குகிறது என்பதையும் கவனிக்கலாம்.

சரி, டாக்டர் வந்துவிட்டார், வேறு ஆள் இல்லை. பையன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்: “நான் லாட்ஜ்ல வேலை பார்க்கிறவன். நீங்க சொல்றதை அப்படியே சொல்றேன். ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்க.” அப்படி நிறுத்தாவிட்டால் கையை உயர்த்தி நிறுத்த வேண்டும், அது மரியாதைக் குறைவு ஆகாது. மகன் ஒரு நிமிடம் பேசியதை டாக்டரிடம் ஐந்து நொடியில் சொல்லி முடித்துவிட்டால், ஏதோ விட்டுப்போயிற்று என்று அர்த்தம். டாக்டரும் இதைக் கொண்டே சந்தேகப்படலாம்.

அடுத்தது, பேசுகிறவராகவே பேசுவது. ‘போட்டாராம்’, ‘சாப்பிடலயாம்’ என்று இழுக்கும்போதுதான் நம் அபிப்பிராயம் நைசாக ஒட்டிக்கொள்கிறது. மகன் “நான் பார்க்கவில்லை” என்றால் பையனும் “நான் பார்க்கவில்லை” என்றே சொல்ல வேண்டும். தன் பேச்சாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், “இது நான் கேட்கிறேன் சார், இந்த வார்த்தை எனக்குப் புரியல” என்று பிரித்துச் சொல்லலாம். டாக்டர் பையைத் திறக்கும் நேரத்தில் மகன் மெதுவாக, “சீரியஸா?” என்று பையனிடம் கேட்பார். அதற்கு அவன் பதில் சொல்லக்கூடாது. அந்தக் கேள்வியை டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

எண், நேரம், மாத்திரைப் பெயர் இவற்றைக் காதை நம்பி விடக்கூடாது. இந்தியில் ‘டேட்’ என்றால் ஒன்றரை, ‘டாயி’ என்றால் இரண்டரை. பழகாதவர் காதில் குழம்பும். ‘கல்’ என்ற ஒரே சொல் நேற்றைக்கும் நாளைக்கும் வரும். மாத்திரை அட்டையை டாக்டர் கையில் கொடுக்கச் சொல்லலாம். எத்தனை, எப்போது என்பதைத் தேதியோடு காகிதத்தில் எண்ணாக எழுதலாம். கடைசியில் மகனை, “இப்போ என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க” என்று கேட்டு, அவர் சொல்வதை டாக்டருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இரவில் இந்த ஒரு கேள்வி இருந்திருந்தால், மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தும் குழப்பம் டாக்டர் படி இறங்குவதற்குள் வெளியே வந்திருக்கும்.

இவ்வளவு செய்தாலும் எல்லை உண்டு. ஒரு பெண் தன் மாதவிலக்கையோ வயிற்றில் இருக்கும் கருவையோ பற்றி இருபத்திரண்டு வயது ரிசப்ஷன் பையன் வழியாகப் பேச மாட்டார். பேசினாலும் பாதிதான் வரும். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து, போலீஸில் வாக்குமூலம் போன்றவற்றில் ஒரு சொல் பிசகினாலும் பின்னால் திருத்த முடியாது. அங்கே ஊழியர் “என்னால் முடியாது, தெரிந்த ஆளை வரவழையுங்கள்” என்று சொல்வதுதான் நியாயம். அப்படிச் சொன்னதற்காக முதலாளி அவரைக் கடிந்துகொள்ளக்கூடாது.

லாட்ஜ் நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு நர்ஸோ மருத்துவ மாணவியோ இரவிலும் போன் எடுக்கச் சம்மதித்தால், அவர் எண்ணை ரிசப்ஷன் மேஜையில் ஒட்டி வையுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டர் பக்கத்தில் வைப்பதோடு பையனின் வேலை முடிந்துவிடும்.