மறைத்தலும் நீக்கலும்

வலைப்பக்கத்தில் ஒரு படத்தின் சில பகுதிகள் மட்டும் தோன்ற வேண்டுமெனில், படக்கோப்பை வெட்டித் திருத்துவது ஒரு வழி. கோப்பைத் தொடாமல், சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள் மொழியின் துணையால் வேண்டாத பகுதியை மறைப்பது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழி எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

பள்ளி விளையாட்டு விழாப் படம் ஒன்று 1200 பிக்சல் அகலமும் 800 பிக்சல் உயரமும் கொண்டது. வெற்றிக் கோப்பையை ஏந்திய மாணவி படத்தின் வலது ஓரத்தில் நிற்கிறாள். படத்தின் அடியில், உயரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பட்டையில், அவளது வீட்டுத் தொலைபேசி எண் அச்சிடப்பட்டுள்ளது. இப்படத்தை 300 பிக்சல் பக்கமுள்ள சதுரத்தில் காட்ட வேண்டும்.

அகலத்தையும் உயரத்தையும் மட்டும் குறிப்பிட்டால், உலாவி படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிச் சதுரத்துள் அடைக்கும். மாணவியின் உருவம் மெலிந்து நீண்டு தோன்றும். `object-fit` பண்பிற்கு `cover` என்னும் மதிப்பை அளித்தால் உருவ விகிதம் சிதையாது. படம் 450 பிக்சல் அகலமும் 300 பிக்சல் உயரமுமாகச் சுருங்கிச் சதுரத்தை நிரப்பும். எஞ்சிய 150 பிக்சல் அகலம் இருபுறமும் 75 பிக்சலாகப் பகிர்ந்து மறைக்கப்படும். ஆனால், ஓரத்தில் நிற்கும் மாணவியும் அதனால் மறைந்துவிடுவாள். எனவே, `object-position` பண்பினால் படத்தின் வலது விளிம்பைச் சதுரத்தின் வலது விளிம்போடு பொருத்த வேண்டும். அப்போது 150 பிக்சலும் இடப்புறத்திலேயே மறையும்.

அடிப்பட்டையை மறைக்க `clip-path` பண்பு உதவுகிறது.

```
img {
  width: 300px;
  height: 300px;
  object-fit: cover;
  object-position: 100% 50%;
  clip-path: inset(0 0 10% 0);
}
```

`inset` என்பதன் நான்கு மதிப்புகள் முறையே மேல், வலம், கீழ், இடம் ஆகிய விளிம்புகளிலிருந்து உள்நோக்கி மறைக்கும் அளவைக் குறிக்கின்றன. இங்கு அடியிலுள்ள 30 பிக்சல் மறைகிறது. எனினும், அவ்விடம் வெறுமையாக எஞ்சி நிற்கும். கீழுள்ள உரை மேலேறி அதனை நிரப்பாது.

தொலைபேசி எண் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் அது அழியவில்லை. உலாவி முழுக் கோப்பையும் பதிவிறக்கிய பின்னரே அதன் ஒரு பகுதியை மறைக்கிறது. பார்வையாளர் ஒருவர் படத்தின்மீது வலச்சொடுக்கிட்டு அதனைத் தனித்தாவலில் திறந்தாலோ சேமித்தாலோ, 1200 பிக்சல் அகல முழுப்படமும் எண்ணோடு வெளிப்படும். பக்கத்தை உருவாக்குவோரும் இவ்வாறே திறந்து சோதித்து அறியலாம்.

ஆகவே, படத்தைச் சதுரமாக்குவதற்கு `object-fit` போதுமானது. மூலப்படம் வேறொரு பக்கத்தில் வேறு வடிவில் பயன்படவும் அது இடமளிக்கிறது. தொலைபேசி எண்ணையோ, கோப்பிலிருந்தே வெட்டியெறிந்து, அவ்வாறு திருத்திய படத்தை மட்டுமே வழங்கியில் வைத்தல் வேண்டும்.