நாளை மதியத்துக்குள் பதில் வேண்டும் என்றால்?

வியாழக்கிழமை மாலை 4 மணி. சிறுசேரியில் ஓர் ஐ.டி. கம்பெனியில் ஆறு வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கும் பெண் ஒருவருக்கு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன வாரம் இன்டர்வியூ முடித்த கம்பெனியின் எச்.ஆர். பேசுகிறார். “வாழ்த்துகள் மேம், செலக்ட் ஆயிட்டீங்க. பதினாலு லட்சம் சி.டி.சி. நாளைக்கு மதியம் 12 மணிக்குள்ள அக்செப்ட் பண்ணிடுங்க, அதுக்கப்புறம் லிங்க் எக்ஸ்பயர் ஆயிடும்.” திங்கட்கிழமை அவருக்கு இன்னொரு கம்பெனியில் கடைசி ரவுண்டு இருக்கிறது.

இப்படி நெருக்குவதற்கு எச்.ஆர். பக்கத்திலும் காரணம் உண்டு. சென்னையிலும் பெங்களூருவிலும் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள். ஆஃபரை வாங்கிக்கொண்டு, அதைக் காட்டியே வேறு கம்பெனியில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் போனை எடுக்காதவர்களை எச்.ஆர். ஆட்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். அடுத்த இடத்தில் இருக்கும் ஆளையும் கைநழுவ விடாமல் பிடித்துவைக்க வேண்டும். காலாண்டு முடிவதற்குள் இடத்தை நிரப்பாவிட்டால் அந்த அனுமதியே போய்விடுகிற கம்பெனிகளும் உண்டு. ஆகவே இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு கோபப்படத் தேவையில்லை. அதே சமயம் இதையும் யோசியுங்கள்: நீங்கள் வந்து சேர அறுபது நாள் காத்திருக்கத் தயாராக இருக்கும் கம்பெனிக்கு, உங்கள் பதிலுக்காக இன்னும் இரண்டு வேலை நாள் காத்திருப்பது பெரும்பாலும் முடியாத காரியமல்ல. கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம்.

போனிலேயே சரி என்றும் சொல்ல வேண்டாம், யோசிக்கணும் என்று இழுக்கவும் வேண்டாம். “ரொம்ப சந்தோஷம் மேடம், தேங்க்ஸ். லெட்டரை முழுசா படிச்சிட்டு இன்னைக்கு ராத்திரிக்குள்ள மெயில் போடறேன்” என்றால் போதும். லெட்டர் இன்னும் வரவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள். சம்பள விவரம் எழுத்தில் வராத ஆஃபருக்குக் கெடு வைப்பது நியாயமில்லை. அதை மரியாதையாகச் சொல்லலாம், எச்.ஆர். தவறாக நினைக்க மாட்டார். (லெட்டர் தருவதற்கு முன் லேப்டாப்புக்கு, டிரெய்னிங்குக்கு என்று பணம் கட்டச் சொன்னால் அது வேலையே அல்ல, மோசடி.)

லெட்டர் வந்ததும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பள அட்டவணைக்குப் போங்கள். நம் பெண்ணின் பதினாலு லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஜாயினிங் போனஸ் 1,00,000. அது முதல் வருடத்தோடு சரி, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். வேரியபிள் பே 1,50,000. கம்பெனி லாபத்தையும் ரேட்டிங்கையும் பொறுத்துத்தான் கைக்கு வரும். கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800 என்றால் வருடத்துக்கு 21,600. பேசிக் ஏழு லட்சம் என்றால் அதில் 4.81 சதவீதம், அதாவது 33,670 ரூபாய், கிராஜுவிட்டி என்ற பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கும். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடிந்தால்தான் அது கிடைக்கும். இவற்றையெல்லாம் கழித்தால் மிச்சம் 10,94,730. மாதத்துக்குச் சுமார் 91,000. இதிலிருந்துதான் அவருடைய பங்கு பி.எஃப்.பும் வருமான வரியும் போக வேண்டும். இப்போது வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையை, பதினாலை அல்ல. இந்தக் கணக்குக்கு அரை மணி நேரம் போதும். போட்டுப் பார்த்த பிறகு, இது வேண்டுமா வேண்டாமா என்ற பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

அடுத்தது மெயில். நம் ஊரில் அது ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இப்படி இருக்கட்டும்: “ஆஃபருக்கு நன்றி. இந்த டீமில் வேலை பார்க்க எனக்கு விருப்பம் இருக்கிறது. வேரியபிள் பே பற்றியும் போனஸைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை பற்றியும் இரண்டு சந்தேகம் இருக்கிறது. குடும்பத்தோடும் பேசிவிட்டு, வரும் செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குள் உறுதியான பதில் தருகிறேன். அதுவரை அவகாசம் தர முடியுமா?” நாளும் நேரமும் குறிப்பாக இருப்பதைக் கவனியுங்கள். “கொஞ்சம் டைம் வேணும்” என்று மொட்டையாக எழுதினால், ஆள் நழுவப் பார்க்கிறார் என்றுதான் எச்.ஆர். படிப்பார். செவ்வாய் 5 மணி என்று இருந்தால் தன் மேனேஜரிடம் அப்படியே எடுத்துச் சொல்ல முடியும். கேட்பதும் ஒரே முறைதான். செவ்வாய்க்கிழமை வந்ததும் வியாழன் வரை வேண்டும் என்றால், முதல் மெயிலில் சம்பாதித்த நல்ல பெயர் போய்விடும்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்பு என்பது நிபந்தனை இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும். “பதினைந்து லட்சம் தந்தால் சேர்கிறேன்” என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது, நீங்கள் வைக்கும் புதிய கோரிக்கை. பழைய ஆஃபர் அத்தோடு விழுந்துவிட்டது என்று கம்பெனி சொல்ல இடம் உண்டு. சந்தேகம் கேட்பதும் அவகாசம் கேட்பதும் வேறு. அவற்றால் ஆஃபர் போய்விடாது. எனவே சம்பளம் பேச வேண்டுமென்றால் நிபந்தனையாக வைக்காமல், “பேசிக்கைக் கொஞ்சம் கூட்ட வாய்ப்பு இருக்கிறதா?” என்று கேள்வியாகவே கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: நீங்கள் ஏற்கும் வரை ஆஃபரைத் திரும்பப் பெற கம்பெனிக்கு உரிமை இருக்கிறது. செவ்வாய் வரை தருகிறோம் என்று போனில் சொன்னால், அதை ஒரு வரி மெயிலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். லிங்க்கின் தேதியையும் மாற்றச் சொல்லுங்கள். எச்.ஆர். சரி என்று சொன்ன பிறகும் தளம் மட்டும் பழைய தேதியில் பூட்டிக்கொள்வது நடக்கக்கூடியதுதான்.

அவகாசம் கேட்ட கையோடு திங்கட்கிழமை கம்பெனியை அழைக்க வேண்டும். “எனக்கு ஓர் ஆஃபர் வந்திருக்கு, செவ்வாய்க்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். உங்க ரோல்தான் எனக்கு முதல் விருப்பம். கடைசி ரவுண்டை முன்னாடியே வச்சு முடிவு சொல்ல முடியுமா?” என்று உள்ளதைச் சொல்லலாம். கம்பெனி பெயரையும் தொகையையும் சொல்ல வேண்டியதில்லை. உண்மையிலேயே ஆள் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமைக்கே மாற்றிவைப்பார்கள். “எங்க பிராசஸ் இப்படித்தான்” என்று வந்தால், அங்கே உங்களுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு அதுவே ஓரளவு பதில்.

எச்.ஆர். மசியவில்லை, வெள்ளி மதியம்தான் கெடு என்றால்? இப்போதைக்கு அக்செப்ட் போட்டுவிட்டு, நல்லது வந்தால் கழன்றுகொள்ளலாம் என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அதிலே எனக்கு உடன்பாடில்லை. ஏற்ற பிறகு வராமல் போனவர் என்ற குறிப்பு அந்தக் கம்பெனியின் பட்டியலில் பல வருடம் கிடக்கலாம். சென்னையில் எச்.ஆர். ஆட்களும் அடிக்கடி கம்பெனி மாறுகிறவர்கள், நாளை நீங்கள் போகும் இடத்தில் அதே ஆள் உட்கார்ந்திருக்கக்கூடும். சேரத் தயார் என்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் திங்கட்கிழமை ரவுண்டை அன்றே ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் கெடுவுக்கு முன்பே போன் செய்து, “இவ்வளவு சீக்கிரம் என்னால சரியான முடிவு எடுக்க முடியல மேடம், உங்க டைம் எடுத்துக்கிட்டதுக்கு சாரி. பின்னாடி வேற ரோல் வந்தா கண்டிப்பா பேசலாம்” என்று சொல்லிவிட்டு இரண்டு வரி மெயிலும் போடுங்கள். லிங்க் தானாக எக்ஸ்பயர் ஆகட்டும் என்று விட்டுவிடுவதுதான் எச்.ஆருக்கு எரிச்சல்.

எந்த அவசரத்திலும் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்றுதான்: கம்பெனியின் கையெழுத்தோடு, சேரும் தேதி போட்ட ஆஃபர் லெட்டர் உங்கள் மெயிலுக்கு வந்து, நீங்கள் ஏற்றதை அவர்கள் உறுதி செய்யும் வரை, இப்போதைய வேலைக்கு ராஜினாமா அனுப்பாதீர்கள்.