மாத்திரை நின்றபின் வரும் நல்ல நாட்கள்

மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் அதை நிறுத்தினால் பெரும்பாலும் மறுநாளே நோய் திரும்பிவிடாது. குடும்பங்கள் ஏமாந்துபோவது இங்கேதான். முதல் சில வாரங்களில் பகல் தூக்கமும் கை நடுக்கமும் குறையும், முகம் தெளிந்தது போலிருக்கும். மருந்து தந்துவந்த பாதுகாப்பு விலகி நோய் தலைதூக்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதற்குள் மாத்திரையை நிறுத்தியதையே எல்லோரும் மறந்திருப்பார்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விசைத்தறியில் வேலை பார்க்கும் 28 வயது மகன். ரிஸ்பெரிடோன் சாப்பிட்டு ஒன்றரை வருடமாக நன்றாக இருந்தவர், தீபாவளியோடு அதை நிறுத்திவிட்டார். பொங்கல் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு நள்ளிரவில் எழுந்து நடக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் குளிப்பது குறைந்தது, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அப்புறம் செல்போனை அணைத்துத் துணியில் சுற்றி வைத்தார். கடைசியில்தான், "சோத்துல என்னம்மா கலந்தே?" என்று கேட்டார். போன தடவையும் முதலில் போனது தூக்கம், அடுத்தது செல்போன் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நோய் திரும்பும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரே ஆளுக்குப் பெரும்பாலும் பழைய அடையாளங்களே மறுபடி வரும். அதனால் அவர் நலமாக இருக்கும்போதே கூட உட்கார்ந்து, போன தடவை எது முதலில் வந்தது, எது அடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். "தம்பி, மூணு நாள் தூக்கம் போனா டாக்டரைப் பார்த்துடலாமா?" என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். சந்தேகம் முற்றிய பிறகு அதைப் பேசுவது கடினம். ஒரு ராத்திரி தூங்காததெல்லாம் நோயல்ல. நோட்டில் உள்ளவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சில நாள் நீடித்தால், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பலரும் சோம்பலால் நிறுத்துவதில்லை. உடல் எடை கூடுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, தாம்பத்தியத்தில் சிக்கல் வருகிறது. வெளியே சொல்லக் கூச்சம். சிலருக்கு ஒரு நிமிடம்கூட உட்கார முடியாத தவிப்பு வரும். அது மருந்தால் வந்ததாக இருக்கலாம். வீட்டார் அதை நோய் என்று நினைத்துக் கூடுதலாக மாத்திரை கொடுத்தால் தவிப்பும் கூடும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. தினமும் மாத்திரை விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டில் மறைத்தும் கலக்க வேண்டாம்; தெரிந்துவிட்டால் அவருடைய சந்தேகத்தை நீங்களே மெய்யாக்கியதாகிவிடும். சாகப்போவதாகப் பேசினாலோ யாரையாவது தாக்க வந்தாலோ தனியாக விடாமல் 108-ஐ அழையுங்கள். எப்படி அழைத்துப்போவது என்று தெரியாமல் தவிக்கும்போது, 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.