எட்டுப் பேர் ஆடும் விளையாட்டுக்கு எத்தனை சர்வர்?

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டில், யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார்மேல் பட்டது என்று தீர்ப்புச் சொல்ல நடுவில் ஒரு கணினி வேண்டும். அந்த வேலைக்கென்றே ஓடும் நிரலுக்கு டெடிகேட்டட் சர்வர் என்று பெயர். ஆடுபவர்களில் ஒருவரின் கணினியையே நடுவராக்கினால் வாடகை மிச்சம். ஆனால் அவர் வெளியேறினால் ஆட்டம் கலைந்துவிடும். அவர் ஏமாற்றவும் இடமுண்டு. தனி சர்வர் என்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

ஓர் அறைக்கு எட்டுப் பேர் ஆடும் சிறு விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தினமும் 200 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் முக்கால் மணி நேரம் ஆடுகிறார்கள். ஆக, நாளொன்றுக்கு 150 ஆள்-மணி. இதை 24 ஆல் வகுத்தால் எந்த நேரத்திலும் சராசரியாக ஆறு பேர்தான் இருப்பார்கள். ஆனால் கூட்டமெல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல்தான் சேரும். அதனால் சராசரியைப் போல நாலு மடங்கு, அதாவது 25 பேர், உச்சம் என்று வைப்பது நியாயமான தொடக்கம். நாலு அறைகளில் அடங்கிவிடுவார்கள் போலத் தோன்றும். ஆனால் பாதி நிரம்பிய அறைகள் எப்போதும் இருக்கும் என்பதால் ஆறு அறைகளுக்கு இடம் வேண்டும்.

அடுத்து, ஓர் அறை எவ்வளவு தின்கிறது என்று அளக்க வேண்டும். இதை ஊகிக்கக் கூடாது. தானாக ஓடிச் சுடும் எட்டு போலி ஆட்டக்காரர்களை விட்டு, அரை மணி நேரம் பார்க்க வேண்டும். யூனிட்டியில் செய்தவர்கள் இங்கே ஒரு பொறியில் விழுவதுண்டு. திரையில்லாமல் ஓடும் சர்வருக்கு வேக வரம்பு வைக்காவிட்டால், அது முடிந்த அளவு வேகமாகச் சுற்றி, ஆளே இல்லாத அறையிலும் ஒரு கோர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒரு வரி போதும்:

```
Application.targetFrameRate = 20;
```

இப்படி அளந்ததில் ஓர் அறைக்கு ஒரு கோரில் 15 சதவீதமும் 150 எம்பி நினைவகமும் ஆகிறது என்று கொள்வோம். ஆறு அறைகளுக்கு ஏறக்குறைய ஒரு கோர், 900 எம்பி. இரண்டு கோரும் 2 ஜிபி நினைவகமும் உள்ள ஒரே வாடகை இயந்திரம் தாராளமாகத் தாங்கும். மாத வாடகை 18 டாலர் என்று வைப்போம்.

மலிவான இயந்திரங்களில் கோரைப் பக்கத்து வாடிக்கையாளரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். `top` கட்டளையில் `st` என்ற எண் அடிக்கடி ஏறினால், நமக்கு வர வேண்டிய நேரம் வேறெங்கோ போகிறது என்று பொருள். நொடிக்கு 20 சுற்று ஓடும் சர்வர் ஒவ்வொரு சுற்றையும் 50 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். அதைத் தாண்டினால் ஆட்டம் இழுக்கும்.

வாடகையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது வெளியே போகும் டேட்டா. ஓர் ஆட்டக்காரரின் நிலையைச் சொல்ல 24 பைட் என்றால் எட்டுப் பேருக்கு 192. அதோடு உறைகளுக்கு 48 சேர்த்து 240 பைட். நொடிக்கு 20 முறை அனுப்பினால், ஒருவருக்கு மணிக்கு சுமார் 17 எம்பி. மாதத்தின் 4,500 ஆள்-மணிக்கு 78 ஜிபி. சிறு நிறுவனங்களின் வாடகையில் பெரும்பாலும் ஒரு டிபிவரை இதற்குச் சேர்ந்தே வரும். அமேசான் போன்ற பெரிய மேகங்களிலோ மாதம் முதல் 100 ஜிபி இலவசம். அதற்குமேல் ஜிபிக்கு ஜிபி காசு.

அறையில் எட்டுக்குப் பதில் பதினாறு பேரை விட்டால் கணக்கு மாறும். இரட்டிப்புப் பேருக்கு, ஏறக்குறைய இரட்டிப்பு அளவுச் செய்தி போக வேண்டும். ஓர் அறையின் டேட்டா மணிக்கு 138 எம்பியிலிருந்து 498 எம்பிக்குத் தாவும். தூரத்தில் இருப்பவர்களின் நிலையைக் குறைந்த முறை அனுப்புவதுதான் இதற்கு மருந்து.

கூட்டம் கூடினால் என்ன செய்வது? இதற்காகத் தொடக்கத்திலேயே குபர்நெட்டிஸ் ஏற்பாட்டில் இறங்குவது வீண் செலவு. அமேசானில் அதன் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் மணிக்கு 10 சென்ட், மாதம் 72 டாலர். இந்த விளையாட்டின் சர்வர் வாடகையைப் போல நாலு மடங்கு! சர்வரின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வெளியீட்டு நாளில் மட்டும் மணிக்கணக்கில் இரண்டாவது இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் போதும். திருப்பிக் கொடுக்கும்போது, முதலில் அதற்குப் புது அறை தருவதை நிறுத்தி, நடக்கும் ஆட்டங்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வேறு ஊரில் இன்னொரு சர்வர் வைப்பதற்கும் இதே நிதானம் வேண்டும். உச்ச நேரத்து 25 பேரை மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் பிரித்தால், ஒவ்வோரிடத்திலும் ஒன்றரை அறைக்குத்தான் ஆள் தேறும். ஒரு நகரத்து ஆட்டக்காரர்கள் மட்டுமே தங்கள் அறைகளை நிரப்பும் நாள் வரும்வரை, பெரும்பாலானோருக்கு அருகிலிருக்கும் ஒரே இடத்தில் சர்வரை வைத்திருப்பதே சரி.