தோளின் நான்கு தசைகளுக்கு ஓர் அட்டவணை

பிசியோதெரபி முதலாண்டு மாணவர் ஒருவரின் நோட்டை வாங்கிப் பார்த்தால், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசைக்கு மூன்று கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கும்: எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேர்கிறது, என்ன வேலை செய்கிறது. கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். "சரி, அந்த வேலையை உங்கள் கையில் செய்து காட்டுங்கள்" என்றால் பலருக்குக் கை அசையாது. எழுதியதில் தவறு ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த அட்டவணையில் அசைவுக்கு இடமே இல்லை.

உடம்பின் தசைகளைப் பகுதிவாரியாகத் தொகுக்கும் இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தோளை மட்டும் வைத்துப் பார்ப்போம். தோளிலும் நான்கு தசைகளே போதும். ரொட்டேட்டர் கஃப் என்று எல்லா மருத்துவமனைகளிலும் சொல்லப்படும் இந்த நான்கும், முதுகின் மேற்புறம் முக்கோணமாக இருக்கும் தோள்பட்டை எலும்பில் தொடங்கி, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன.

ஒரு தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. சுருங்கும்போது தன் இரண்டு முனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாகக் கொண்டுவரும். பொதுவாக எந்த முனை அசையாமல் நிற்கிறதோ அதைத் தொடக்கம் என்றும், எது இழுபட்டு வருகிறதோ அதைச் சேருமிடம் என்றும் பாடத்தில் குறிக்கிறார்கள். ஆகவே இரண்டு முனைகளும், தசை மூட்டின் எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதும் தெரிந்துவிட்டால், வேலை என்ற கட்டத்தை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. அதை நாமே வருவித்துவிடலாம்.

இன்ஃப்ராஸ்பைனேட்டஸையே எடுத்துக்கொள்வோம். தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் குறுக்காக ஒரு மேடு ஓடுகிறது. அந்த மேட்டுக்குக் கீழே உள்ள அகலமான குழியில் இந்தத் தசை தொடங்குகிறது. அங்கிருந்து மூட்டின் பின்பக்கமாக வந்து, மேற்கை எலும்புத் தலையின் வெளிப்புறப் புடைப்பில் சேர்கிறது. பின்னாலிருந்து வந்து வெளிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் ஒன்று சுருங்கினால், அந்த வெளிப்பக்கம் பின்னோக்கி இழுபடும். அப்படி இழுபட்டால் கை முழுவதும் வெளிப்புறமாகத் திரும்பும். வீட்டில் ஒருவரை முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, அவருடைய தோள்பட்டை மேட்டுக்குக் கீழே உங்கள் விரல்களை வையுங்கள். முன்கையை வெளியே திருப்பச் சொல்லி, நீங்கள் லேசாக எதிர்ப்புக் கொடுத்தால், விரலுக்கு அடியில் தசை இறுகுவது தெரியும். இந்த ஒரு வரியை இப்படித் தொட்டுப் படித்தவர் அதைப் பிறகு மறப்பதில்லை.

அப்படிப் படித்ததை எழுதிவைக்கத்தான் அட்டவணைக்கு ஐந்தாவது கட்டம் வேண்டும். அதில் தசையின் வேலையை நோயாளியின் காதில் விழும் பேச்சாக எழுத வேண்டும்.

| தசை | தொடக்கம் | சேருமிடம் | வேலை | நோயாளியிடம் சொல்வது |
|---|---|---|---|---|
| சுப்ராஸ்பைனேட்டஸ் | பின்மேட்டுக்கு மேலுள்ள குழி | வெளிப்புடைப்பின் உச்சி | கையைத் தூக்குவது | "கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். கையைச் சற்றே முன்பக்கமா சாய்ச்சு, பக்கவாட்டுல தூக்குங்க" |
| இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் | மேட்டுக்குக் கீழுள்ள குழி | வெளிப்புடைப்பின் நடு | வெளியே திருப்புவது | "முழங்கையை விலாவோடு ஒட்டிவச்சு, முன்கையை மட்டும் வெளியே திருப்புங்க" |
| டெரெஸ் மைனர் | தோள்பட்டையின் வெளியோரம் | வெளிப்புடைப்பின் கீழ்ப்பகுதி | வெளியே திருப்புவது | "கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி முழங்கையை மடக்குங்க. இப்ப விரல்கள் கூரையைப் பார்க்கிற மாதிரி திருப்புங்க" |
| சப்ஸ்கேப்புலாரிஸ் | தோள்பட்டையின் உள்முகம், விலா எலும்புகளைப் பார்த்த பக்கம் | முன்பக்கத்துச் சிறிய புடைப்பு | உள்ளே திருப்புவது | "புறங்கையை இடுப்புக்குப் பின்னால வைங்க. அதை முதுகைவிட்டுத் தள்ளி எடுங்க" |

சேருமிடம் என்ற கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். முதல் மூன்றும் ஒரே புடைப்பில் உச்சி, நடு, கீழ் என்று வரிசையாக இறங்குகின்றன. நான்காவது மட்டும் முன்பக்கத்தைப் பிடித்திருப்பதால், அதன் வேலையும் நேர் எதிராகிறது. புத்தகத்தில் நான்கு பக்கங்களில் சிதறிக் கிடப்பது ஒரே பார்வையில் கண்ணில் படுகிறது. தனித்தனியாக எழுதாமல் பகுதிவாரியாகத் தொகுப்பதால் கிடைக்கும் ஆதாயம் இதுதான்.

ஐந்தாவது கட்டத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. "விலாவோடு ஒட்டிவச்சு" என்று சொல்லாவிட்டால், வலியோ பலவீனமோ உள்ளவர் முழங்கையை வெளியே தூக்கிவிடுவார். இல்லையென்றால் இடுப்போடு சேர்த்து உடம்பையே திருப்புவார். கை வெளியே போனதுபோலத் தெரியும், ஆனால் நாம் கேட்ட தசை வேலை செய்திருக்காது. அதனால்தான் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்கிறார்கள். துண்டு கீழே விழுந்தால் அசைவு தவறு என்று நோயாளிக்கே தெரிந்துவிடும். சப்ஸ்கேப்புலாரிஸுக்கான சோதனையில் முழங்கையை நீட்டிக் கையைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அது மேற்கையின் பின்தசையான டிரைசெப்ஸ் செய்யும் வேலை. முழங்கை மடங்கிய கோணம் மாறாமல் இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வலியால் கையைப் பின்னால் கொண்டுபோகவே முடியாதவரிடம் இந்தச் சோதனை செல்லாது. அவரிடம் உள்ளங்கையை வயிற்றில் வைத்து அழுத்தச் சொல்லி, முழங்கை பின்னால் சரிகிறதா என்று பார்ப்பார்கள். அட்டவணையில் இந்த மாற்று வழிக்கும் ஒரு வரி இருப்பது நல்லது.

சுப்ராஸ்பைனேட்டஸின் வேலை பற்றிப் பல புத்தகங்கள் எழுதுவதை அப்படியே நகலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கையைத் தூக்கும்போது முதல் 15 டிகிரியை இந்தத் தசை செய்யும், பிறகு தோளின் மேல் தடித்து நிற்கும் டெல்டாய்டு பொறுப்பேற்கும் என்று அவை சொல்கின்றன. தசைகளின் மின் அசைவைப் பதிவுசெய்து பார்த்த ஆய்வுகளில், இரண்டும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்துதான் இயங்குகின்றன. சுப்ராஸ்பைனேட்டஸுக்குப் போகும் நரம்பை மரத்துப்போகச் செய்து சோதித்தபோதும், பலம் குறைந்தாலும் கை எழுந்தது. டெல்டாய்டு மட்டும் தனியாக இழுத்தால், மேற்கை எலும்பின் தலை நேராக மேலே ஏறித் தோளின் கூரையாக நிற்கும் எலும்பில் முட்டும். தோளின் குழி ஆழமில்லாதது, பெரிய உருண்டையை அதனால் பிடித்து வைக்க முடியாது. அந்த உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்திருப்பதுதான் கஃப் தசைகள் நான்குக்கும் பொதுவான வேலை. எனவே அட்டவணையின் வேலை கட்டத்துக்கு மேலே, நான்கு வரிகளுக்கும் சேர்த்து, "தூக்கும்போதும் திருப்பும்போதும் உருண்டையைக் குழியில் நிறுத்துவது" என்று ஒருமுறை எழுதிவிட வேண்டும். அது இல்லாத அட்டவணை, தேர்வில் மதிப்பெண் தந்தாலும் சிகிச்சை அறையில் வழிகாட்டாது.

டெல்டாய்டை ஒரே வரியில் அடக்குவதும் தவறு. அதன் முன்பகுதி காறை எலும்பிலிருந்து வந்து கையை முன்னே கொண்டுபோகிறது, பின்பகுதி தோள்பட்டை மேட்டிலிருந்து வந்து பின்னே கொண்டுபோகிறது. நடுப்பகுதி பக்கவாட்டில் தூக்குகிறது. ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் ஒரே கட்டத்தில் இருந்தால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார். மூன்று வரிகள் கொடுத்துவிடலாம்.

'பகுதி' என்பதை எதை வைத்துப் பிரிப்பது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். உடலை அறுத்துப் படிக்கும் வகுப்பில் தசை எங்கே கிடக்கிறதோ அதுதான் அதன் பகுதி. பிசியோதெரபியில் எந்த மூட்டை அசைக்கிறதோ அந்த மூட்டின் பக்கத்தில் எழுதுவதே பயன்படும். முதுகு முழுக்கப் பரந்திருக்கும் லாடிசிமஸ் டார்சி கையைத்தான் இழுக்கிறது, எனவே அது தோள் பக்கத்துக்கு வர வேண்டும். அதே தசையில் இன்னொன்றையும் குறிக்கலாம். கால்கள் செயலிழந்த ஒருவர் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி எழும்பும்போது கை அசையாமல் நிற்கிறது, உடம்புதான் மேலே வருகிறது. அங்கே தொடக்கமும் சேருமிடமும் இடம் மாறிவிட்டன.

இனி அட்டவணையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். தசையின் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த நோயாளியும் வருவதில்லை. "தலை சீவக் கை எழும்ப மாட்டேங்குது" என்றுதான் ஒரு அம்மா சொல்வார். ஆகவே அதே தாளின் பின்புறத்தில் அசைவுகளின் பெயரில் வரிகள் வேண்டும். கையைத் தூக்குவதற்கு எதிரே சுப்ராஸ்பைனேட்டஸ், டெல்டாய்டின் நடுப்பகுதி, அவற்றோடு தோள்பட்டை எலும்பையே சுழற்றும் செராட்டஸ் ஆன்டீரியரும் டிரெபிசியஸும் வரும். கையைத் தலைக்கு மேலே முழுதாகத் தூக்கும் 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் வருவது, எனவே இந்த இரண்டையும் விட்டுவிட முடியாது. தலை சீவக் கை வெளியே திரும்பவும் வேண்டும், அதற்கு எதிரே இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரெஸ் மைனரும்.

அந்த அம்மா கையைத் தூக்க முயலும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறது, கை பாதியிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சையாளர், "நீங்க தளர்வா விடுங்கம்மா, நான் தூக்குறேன்" என்று சொல்லித் தானே மெதுவாகத் தூக்குகிறார். கை எளிதாக மேலே போய்விட்டால் மூட்டு திறந்துதான் இருக்கிறது, தூக்கும் தசையிலோ, தசைநாணிலோ, நரம்பிலோ குறை. இப்போது முன்பக்கத்து அட்டவணைக்குத் திரும்பி முதல் இரண்டு வரிகளில் உள்ளதைச் செய்யச் சொல்கிறார். கட்டைவிரல் மேலே பார்க்கத் தூக்கும்போது லேசான எதிர்ப்பைக்கூடத் தாங்க முடியவில்லை, விலாவோடு ஒட்டி வெளியே திருப்புவதும் பலவீனமாக இருக்கிறது. அந்த இரண்டு தசைநாண்களில் கிழிசல் இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகும்.

சிகிச்சையாளர் தூக்கியும் கை போகவில்லை, அதிலும் வெளியே திருப்புவதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தடைப்படுகிறது என்றால் கதை வேறு. அது மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போன ஃப்ரோஸன் ஷோல்டராக இருக்கக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. அங்கே ஐந்தாவது கட்டத்தில் எழுதிய எந்தச் சொல்லும் கையைத் தூக்கவைக்காது. உறை இளகும்வரை தசைக்குப் போதுமான இடமே கிடைக்காது. தசை அட்டவணையைத் தயாரிக்கும் மாணவர் அதன் தலைப்புக்கு மேலே ஒரு வரியைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்: முதலில் நீங்கள் அசைத்துப் பாருங்கள், பிறகு அவரை அசைக்கச் சொல்லுங்கள்.