எழுத்து ஏன் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது?

ஸ்கேன் செய்த புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் வெள்ளை ஓரத்தையும் எழுத்தை ஒட்டித் தனித்தனியாக வெட்டினால் சிக்கல்தான். டேப்லெட் எந்தப் பக்கத்தையும் திரையின் அகலத்துக்கு இழுத்துக் காட்டும். 15 செ.மீ. திரையில், 10 செ.மீ. அகல உரைநடைப் பக்கம் ஒன்றரை மடங்காகும், 5 செ.மீ. கவிதைப் பக்கமோ மூன்று மடங்காக வீங்கிவிடும்.

எல்லாப் பக்கங்களையும் ஒரே அளவில் வெட்டுவதே தீர்வு. Briss என்ற இலவச மென்பொருள் ஒற்றைப்படைப் பக்கங்களை ஓர் அடுக்காகவும், இரட்டைப்படைப் பக்கங்களை இன்னோர் அடுக்காகவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். எந்தப் பக்கத்தின் எழுத்தும் வெளியே போகாதபடி இரண்டிலும் ஒரே அளவுக் கட்டம் வரையுங்கள். சாய்ந்த பக்கங்களை முன்பே நேராக்கிவிடுங்கள்; மூலக்கோப்பை அழிக்காதீர்கள்.