பழைய வாடிக்கையாளரும் புதிய கட்டணமும்

ஒரு கந்தோரிலே மாதச் சம்பளம் பெறுபவர், தமது சம்பளம் எப்போது உயரும், எவ்வளவு உயரும் என்பதைப் பிறர் தீர்மானிக்கக் காண்கிறார். தாமாகவே தொழில் புரிபவரின் நிலை அவ்வாறன்று. மொழிபெயர்ப்பாளர், கணக்கெழுதுவோர், படம் வரைவோர், அச்சுப்படி திருத்துவோர் ஆகியோர் தமது கட்டணத்தைத் தாமே உயர்த்த வேண்டும். உயர்த்திய செய்தியையும் தாமே சொல்ல வேண்டும். புதிதாக வருபவரிடம் புதிய கட்டணத்தைச் சொல்வது எளிது. ஐந்தாறு ஆண்டுகளாகப் பழகியவரிடம் அதையே சொல்வதுதான் கடினம். அதனை எப்படி முறையாகச் சொல்வது, பழைய கட்டணத்திலிருந்து புதிய கட்டணத்துக்கு எவ்வாறு படிப்படியாகச் செல்வது என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய்வோம்.

கொழும்பிலே வீட்டிலிருந்தபடியே தொழில் புரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரை எண்ணிக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டில் அவர் 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்துக்கு 800 ரூபா என்று கட்டணம் வகுத்தார். மாதம் 100 பக்கம் செய்தால் 80,000 ரூபா. மின்சாரம், இணைய இணைப்பு, கணினி பழுதுபார்த்தல், அகராதிகள் ஆகியவற்றுக்கு அப்போது 12,000 ரூபா போக, 68,000 ரூபா கையில் எஞ்சியது. பின்னர் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண், அதற்கு முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 70 என்னும் அளவுக்கு உயர்ந்து நின்றது. அதன்பின் உயர்வின் வேகம் தணிந்தது உண்மையே. ஆயினும் வேகம் தணிவது வேறு, விலை பழைய இடத்துக்கு இறங்குவது வேறு அன்றோ? 2024 ஆம் ஆண்டில் நம் மொழிபெயர்ப்பாளரின் தொழிற்செலவு 27,000 ரூபா ஆகிவிட்டது. அதே 100 பக்கத்துக்கு இப்போது 53,000 ரூபாவே எஞ்சியது. அந்தப் பணத்தாலும் முன்போலப் பாதியளவு பொருளையே வாங்க முடிந்தது.

ஆகவே பக்கத்துக்கு 1,200 ரூபா என்று அவர் முடிவு செய்தார். விலைகள் ஏறக்குறைய இரு மடங்காகியிருக்க, அவர் கேட்டது ஒன்றரை மடங்கே. எனினும் அவருக்கு அச்சம் தீரவில்லை. வாடிக்கையாளர் விட்டுப் போய்விடுவாரோ என்று கலங்கினார். இவ்வச்சத்தைக் கணக்கினாலே அளந்து பார்க்கலாம். புதிய கட்டணத்தில் 67 பக்கம் செய்தால் 80,400 ரூபா வரும். அதாவது, மூன்றில் ஒரு பங்கு வேலை கைவிட்டுப் போனாலும் வரவு குறையாது. உழைக்கும் நேரமோ குறையும். கட்டணம் உயர்த்த எண்ணுபவர் யாரும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். எத்தனை பேரை இழந்தால் தாங்கமுடியும் என்று தெரிந்தவரே நிதானமாகப் பேச வல்லவர்.

அடுத்தது முன்னறிவித்தலுக்குரிய காலம். நம் மொழிபெயர்ப்பாளர் 2024 ஒக்டோபர் முதலாந் திகதி கடிதம் எழுதினார். புதிய கட்டணம் 2025 ஜனவரி முதலாந் திகதி தொடங்கும் என்றார். ஏன் மூன்று மாதம்? வாடிக்கையாளர் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டியவராவர். தமது செலவுத் திட்டத்தைத் திருத்த வேண்டும். தாம் பிறரிடம் பெறும் கட்டணத்தை மாற்ற வேண்டுமாயின் அதையும் செய்ய வேண்டும். விரும்பினால் வேறொருவரைத் தேடிப் பரீட்சித்துப் பார்க்கவும் வேண்டும். இந்த மூன்றாவது வாய்ப்பை உண்மையாகவே அளிப்பதுதான் நியாயமான முன்னறிவித்தல். அவசர வேலை ஒன்று பாதியில் இருக்கும்போது, வாடிக்கையாளர் வேறெங்கும் போகமுடியாத வேளை பார்த்துச் சொல்வதும், மாத முடிவிலே அனுப்பும் கட்டணச் சிட்டையில் ஓசையின்றிப் புதிய தொகையை எழுதிவிடுவதும் முன்னறிவித்தல் ஆகமாட்டா. சிறு சிறு வேலைகளை மட்டும் தருபவருக்கு ஒரு மாதமும் போதும். ஆண்டுத் திட்டம் வகுத்துச் செலவிடும் நிறுவனத்துக்கு மூன்று மாதமேனும் வேண்டும்.

அவர் எழுதிய கடிதம் சுருக்கமானது. அதன் வாசகம் இது:

“மதிப்புக்குரிய ஐயா, 2019 ஆம் ஆண்டு முதல் தங்கள் மொழிபெயர்ப்பு வேலைகளைப் பக்கத்துக்கு 800 ரூபா வீதம் செய்து வருகிறேன். தொழிற்செலவுகள் உயர்ந்தமையால், 2025 ஜனவரி முதலாந் திகதி முதல் என் கட்டணம் பக்கத்துக்கு 1,200 ரூபா ஆகும். டிசெம்பர் 31 ஆம் திகதிக்குள் மூலப்பிரதி என் கைக்குக் கிடைக்கும் வேலைகளைப் பழைய கட்டணத்திலேயே செய்து தருவேன். இதுபற்றித் தாங்கள் பேச விரும்பினால் நவம்பர் மாதத்துக்குள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.”

இக்கடிதத்தில் நான்கு செய்திகள் உள்ளன: பழைய கட்டணம், புதிய கட்டணம், தொடங்கும் நாள், எந்த வேலைக்கு எந்தக் கட்டணம் என்னும் எல்லை. காரணம் ஒரே தொடரில் அடங்கிவிட்டது. பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, மருந்துச் செலவு ஆகியவற்றை அவர் எழுதவில்லை. எழுதினால் பேச்சு வேலையின் பெறுமதியை விட்டு அவருடைய வீட்டுச் செலவின் மீது போய்விடும். அச்செலவைக் குறைக்கும் வழிகளை வாடிக்கையாளர் எடுத்துரைக்கத் தொடங்குவார்.

நான்கனுள் பலரும் மறப்பது எல்லையைத்தான். “ஜனவரி முதல்” என்று மட்டும் எழுதினால், டிசெம்பரில் ஒப்படைத்து ஜனவரியில் முடிந்த வேலைக்கு எந்தக் கட்டணம் என்ற வழக்கு எழும். வேலை முடியும் நாளை எல்லையாகக் கொண்டால், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே தாமதித்தார் என்ற ஐயம் தோன்றவும் இடமுண்டு. மூலப்பிரதி கைக்கு வந்த நாளை எல்லையாகக் கொள்வதே தெளிவானது. அந்த நாளை இருவரும் மின்னஞ்சலைப் பார்த்து அறியலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டு முழுவதற்குமுரிய வேலையை டிசெம்பர் இறுதியிலே கொண்டுவந்து குவிப்பவரும் உளர். அதற்காக, “வழமையாக இரண்டு மாதங்களில் தரும் அளவு வரை” என்றொரு வரம்பையும் சேர்த்துக்கொள்வது நன்று. நம் மொழிபெயர்ப்பாளர் அதனைச் சேர்க்கவில்லை. சட்டத்தரணி ஒருவர் ஆண்டிறுதி வாரத்திலே 90 பக்க உறுதிகளை அனுப்பிவைத்தார். கடிதத்தில் எழுதியபடி அவை அனைத்தையும் 800 ரூபாவுக்கே செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி, மாறும் காலத்தில் யாருக்கு என்ன சலுகை அளிப்பது என்பதைப் பார்ப்போம். அவருடைய இன்னொரு வாடிக்கையாளர் ஒரு பதிப்பாளர். 400 பக்க நூலொன்றுக்கு முன்னரே எழுத்தில் ஒப்பந்தம் செய்திருந்தார். வேலை பாதியளவில் நின்றது. அந்நூல் முடியும்வரை, 2025 ஆம் ஆண்டு எந்த மாதமானாலும், பழைய கட்டணமே. அது சலுகையன்று, கொடுத்த வாக்கு. ஒரு காலத்துக்கோ ஒரு வேலைக்கோ கட்டணம் எழுத்தில் உறுதி செய்யப்பட்டிருப்பின், ஒப்பந்தத்திலே அதற்கு இடமிருந்தாலன்றி, அல்லது இரு திறத்தாரும் இசைந்தாலன்றி, இடையிலே மாற்ற முடியாது. அடுத்த நூல் புதிய கட்டணத்துக்கு உரியது.

மூன்றாமவர் ஒரு நலன்புரிச் சங்கத்தார். அவர்களுடைய செலவுத் திட்டம் 2025 ஜூன் மாதம் வரை முன்னரே அங்கீகரிக்கப்பட்டிருந்தது. “ஜனவரியில் 1,200 ரூபா தருவதற்கு எங்களுக்கு வழியில்லை” என்று அவர்கள் எழுதினார்கள். ஜூன் 30 வரை 1,000 ரூபா, ஜூலை முதலாந் திகதி முதல் 1,200 ரூபா என்று இரு படிகளாக அவர் இசைந்தார். அவர் அனுப்பிய கட்டணச் சிட்டையிலே 1,000 ரூபா என்று மட்டும் எழுதவில்லை. கட்டணம் 1,200 ரூபா, ஜூன் வரை கழிவு 200 ரூபா, செலுத்த வேண்டியது 1,000 ரூபா என்று மாதந்தோறும் எழுதினார். இதனால் ஜூலை மாதம் வந்தபோது அது இரண்டாவது உயர்வாகத் தோன்றவில்லை. சொன்ன கழிவு சொன்ன நாளிலே முடிந்தது என்றே அவர்கள் கொண்டனர். முடிவு நாள் குறிக்கப்படாத சலுகை நிலையான கட்டணமாகவே மாறிவிடும். வாடிக்கையாளர்கள் தமக்குள்ளே பேசிக்கொள்வர் என்பதையும் மறக்கலாகாது. ஒருவருக்கு அளித்து மற்றவருக்கு அளிக்காத சலுகைக்கு, எவரிடமும் எடுத்துச் சொல்லத்தக்க காரணம் இருத்தல் வேண்டும். செலவுத் திட்டம் முன்னரே முடிவாகிவிட்டது என்பது அத்தகைய காரணம். கெஞ்சிக் கேட்டார் என்பது அத்தகையதன்று.

“இவ்வளவு தர இயலாது” என்று ஒருவர் சொன்னால் யாது செய்வது? கட்டணத்தை உடனே குறைப்பதாயின், முதலிற் சொன்ன தொகை வாய்க்கு வந்த தொகை என்றாகிவிடும். அதற்குப் பதிலாக வேலையின் அளவைக் குறைக்கலாம். மேற்சொன்ன சட்டத்தரணியிடம் அவர் அவ்வாறே பேசினார். உறுதிகளின் அட்டவணைகளைத் தட்டச்சுச் செய்வதையும் பக்க அமைப்பையும் கந்தோரிலுள்ள எழுதுவினைஞரே பார்த்துக்கொண்டால், பக்கத்துக்கு 1,000 ரூபா போதும் என்றார். அதற்கு அவர் இணங்கினார். இங்கே குறைந்தது தொகை மட்டுமன்று, உழைப்புங்கூட.

மறுமொழியே எழுதாதவரிடம் மிகுந்த கவனம் வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு வேலையைத் தொடங்கினால், பெப்ரவரியிலே பழைய தொகைக்குரிய காசோலை வந்து சேரும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. “இத்தொகை பகுதிக் கொடுப்பனவாகக் கிடைத்தது, மீதி இவ்வளவு” என்று அன்றே எழுதிவிட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இருமுறை ஏற்றுக்கொண்டால், பழைய கட்டணமே வழக்கம் என்று வாடிக்கையாளர் கொள்வதற்கு இடமாகிவிடும். இத்தொல்லை நேராதிருக்க, டிசெம்பர் நடுப்பகுதியில் ஒரு நினைவூட்டலும், ஜனவரியின் முதல் வேலையைத் தொடங்குமுன் “பக்கத்துக்கு 1,200 ரூபா, மொத்தம் இவ்வளவு” என்ற ஒரு வரி உறுதியும் போதுமானவை.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் மூலகாரணம் ஐந்தாண்டுகளாகக் கட்டணத்தைத் தொடாமல் விட்டமையே. ஆண்டுதோறும் நூற்றுக்கு எட்டு, ஒன்பது என்று உயர்த்தியிருந்தால், 800 ரூபா ஐந்தாண்டில் ஏறக்குறைய 1,200 ரூபாவை எட்டியிருக்கும். ஒரே நாளிலே 400 ரூபாவை உயர்த்த வேண்டிய நிலையும் நேர்ந்திராது. ஆகவே 2025 ஆம் ஆண்டுக் கட்டணச் சிட்டைகளின் அடியிலே நம் மொழிபெயர்ப்பாளர் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: “கட்டணம் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் மீளாய்வு செய்யப்படும், மாற்றம் இருப்பின் ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும்.” மாற்றம் இல்லாத ஆண்டிலும் அந்த ஒக்டோபரில் அவர் கடிதம் எழுதுவார்; கட்டணம் மாறவில்லை என்பதே அதன் செய்தியாக இருக்கும்.